நான்கு நாள் வெட்டு: மீதி நாளுக்குக் கூலி யார் பொறுப்பு?

"ரப்பர் விலை இறங்கிவிட்டபடியால், மறு அறிவிப்பு வரும்வரை வாரத்தில் நான்கு நாட்களே வெட்டு." விலை சரியும் போதெல்லாம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இத்தகைய காகிதம் எந்நேரமும் ஆபீஸ் பலகையில் ஒட்டப்படலாம். அதைக் கண்டதும் மனம் கலங்காமல், அதில் கூலியைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-வது பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறுபவருக்கு நிர்வாகம் மாதம் 24 நாளாவது வேலை தரவேண்டும். தர இயலாவிட்டால், அவர் வேலைக்குத் தயாராகவும் தகுதியாகவும் இருந்த அந்நாட்களுக்கும் கூலி கொடுக்கவேண்டும். கணக்கைப் பாருங்கள். நான்கு வாரத்தில் 16 நாள் வெட்டு என்றால் எட்டு நாள் பாக்கி. 2025-இல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளப்படி நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக 523 வெள்ளி 4 காசு. (கிலோக் கணக்கில் மட்டும் கூலி பெறுவோர் தங்கள் ஒப்பந்த வாசகத்தைச் சங்கத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளவேண்டும்.)

நான்கு நாள் என்று ஏன் சொல்கிறார்கள்? 1980-ம் ஆண்டு விதிகளின்படி, கூலியும் இல்லாமல் நான்கு வாரத்தில் 12 வேலை நாட்கள் வேலையின்றிப் போனால் அது தற்காலிக வேலைநீக்கமாகி, ஓராண்டு சேவை முடித்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க நேரும். மூன்று நாள் வெட்டு என்றால் அந்தப் பன்னிரண்டு வந்துவிடுகிறது. நான்கு நாள் என்றால் வருவதில்லை. ஆனால் 24 நாள் பொறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த உரிமை தவறிப்போகிற இடம் செக்ரோல். வேலையில்லை என்று தெரிந்து பெரட்டுக்குப் போகாமலிருந்தால், "வரவில்லை" என்று விழுந்துவிடும். பிறகு வேலைக்குத் தயாராயிருந்ததை நிரூபிப்பது கஷ்டம். ஆகவே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். கிராணித் தோழர்கள் அந்நாளை "வேலை தரப்படவில்லை" என்றே குறிக்கவேண்டும். துரை வேறுவிதமாக எழுதச் சொன்னால், எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

கிராணிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. மாதச் சம்பளக்காரருக்கு 24 நாள் விதி பொருந்தாது. ஆனால் அவர் சம்மதமின்றிச் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. கடிதத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திடுவது வேறு, "சம்மதிக்கிறேன்" என்பது வேறு. சம்பளக் குறைப்பானால், 30 நாளுக்கு முன்பே பிகே பாரம் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருக்கவேண்டும்.

இனி, முழு வேலை எப்போது திரும்பும்? "மார்க்கெட் சீரடைந்ததும்" என்பதை எவரும் அளந்து பார்க்க முடியாது. முடியும் தேதி வேண்டும்; அல்லது மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் விலை இன்ன அளவில் இத்தனை நாள் நின்றால் என்று குறிக்கவேண்டும். திரும்ப அழைப்பது சேவைக் கால வரிசைப்படி இருக்கவேண்டும். தண்டலின் விருப்பப்படி அல்ல. நிரையில் மரத்தின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். நான்கு நாளில் ஆறு நாள் மரத்தையும் வெட்டச் சொல்லிவிட்டு, ஆறு நாள் வேலை திரும்பியபின் அந்தப் பெரிய நிரையை அப்படியே வைத்துக்கொள்ள இடம் தரக்கூடாது.

காகிதம் ஒட்டிய அன்றே அதன் நகலைக் கிளைக் காரியதரிசியிடம் சேர்ப்பியுங்கள். சம்பள நாளில் எட்டு நாள் கூலி விடுபட்டிருந்தால், சம்பளச் சீட்டோடு சிரம்பான் தொழிலாளர் இலாகாவில் புகார் பதிய அந்த நகல் தேவைப்படும்.