புட்டு ஈரலுக்குள் போகாது: சமிபாட்டுப் பாடத்தில் நாம் விட்ட பிழை

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 7, 8, 9 பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு தகப்பன் எமக்கு அழைப்பெடுத்தார். "சேர், விஞ்ஞானப் பாடத்துல புள்ளயள் தரையில படுத்துக் கிடந்தாங்களாமே, கத்தரிக்கோலால பேப்பர் வெட்டி விளையாடினாங்களாமே, பாடம் நடக்கிறல்லயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். பிள்ளைகள் படுத்ததும் வெட்டியதும் உண்மைதான். அதுதான் பாடம். ஆனால் அவருடைய கேள்வியில் நியாயமும் உண்டு. இதே விளையாட்டைச் சில வருடங்களுக்கு முன் நாமே பிழையாக நடத்தியிருக்கிறோம். அன்று யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எம்மிடம் பதில் இருந்திருக்காது.

கல்விக் கல்லூரியால் வெளியேறிய புதிதில் நாம் செய்தது இதுதான். டிமைத் தாளை ஒட்டி ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து உடலின் வெளிக்கோட்டை வரைந்தோம். உறுப்புகளைக் கலர் தாளில் வெட்டி ஒட்டினோம். பிறகு வாய், களம், இரைப்பை, ஈரல், சதையி, சிறுகுடல், பெருங்குடல் என்று அட்டை மாட்டிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். "சோறு" என்று அட்டை மாட்டிய ஒரு மாணவன் ஒவ்வொருவரிடமும் போய் நின்றான். "நான் ஈரல், பித்தம் சுரப்பேன்" என்று அவர் சொல்ல, இவன் அடுத்தவரிடம் போனான். கைதட்டல், சிரிப்பு, போட்டோ எல்லாம் இருந்தது.

அடுத்த பாடத்தில் உணவு போகும் பாதையை அம்புக்குறியால் வரையச் சொன்னோம். வகுப்பில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இரைப்பையிலிருந்து ஈரலுக்குள் அம்பு போட்டு, அங்கிருந்து சிறுகுடலுக்கு இறக்கியிருந்தார்கள். பிள்ளைகளில் குற்றமில்லை. எமது நாடகத்தில் சோறு ஈரலைக் கடந்துதான் போனது. அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. வாயில் நுழைந்த அதே "சோறு" கடைசியில் முழுசாக வெளியே வந்தான். வழியில் அவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. சமிபாடு என்ற சொல்லின் பொருளே உணவு மாறுவதுதான். நாம் ஒரு மணித்தியாலம் செலவழித்து, சமிபாடு இல்லாத சமிபாட்டுப் பாடம் எடுத்திருந்தோம்.

ஆகவே எமது கருத்து இது. உணவு மாறாத, ஈரலும் சதையியும் வரிசைக்குள் நிற்கும் நாடகத்தைவிடக் கரும்பலகையில் ஒழுங்காக ஒரு படம் வரைந்து விளக்குவது மேல். நடித்துப் படித்த பிழை, கேட்டுப் படித்த பிழையைவிட ஆழமாகப் பதியும்.

இம்முறை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறோம். முதலில் வெளிக்கோடு. உடுப்போடு படுத்த நிலையில், ஆண் பிள்ளைகள் தமக்குள்ளும், பெண் பிள்ளைகள் வகுப்பின் மறுபக்கம் தமக்குள்ளும் வரைந்தார்கள். அதில் யாருக்கும் சங்கடம் வரவில்லை. உறுப்புகளை ஒட்ட முன்பே ஒரு நீலக் கயிற்றை வாயிலிருந்து குதம் வரை அறாமல் ஒட்டச் சொன்னோம். இது உணவு போகும் வழி. வளர்ந்தவரில் சிறுகுடல் மட்டும் ஏறத்தாழ 6 மீற்றர் என்று சொல்லி, அந்த அளவுக்குக் கயிறு கொடுத்தோம். அதை வயிற்றுப் பகுதிக்குள் அடக்க முயன்றபோதுதான் குடல் ஏன் மடிந்து மடிந்து கிடக்கிறது என்று அவர்களுக்கே விளங்கியது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான். "அப்ப ஏன் சேர் அதுக்குப் பெருங்குடல் என்று பேர்?" என்று ஒருத்தி கேட்டாள். பெருமை நீளத்தில் இல்லை, அகலத்தில்.

ஈரல், பித்தப்பை, சதையி மூன்றையும் நீலக் கயிற்றுக்கு வெளியே ஒட்டி, அங்கிருந்து சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலுக்கு மஞ்சள் நூல் இழுத்தோம். நீலத்தில் உணவு போகும். மஞ்சளில் சாறு மட்டும் வரும். இந்த இரண்டு நிறம்தான் பழைய பிழையைத் திருத்தியது.

குதம் என்ற சொல் வந்ததும் வகுப்பு சிரித்தது. வழக்கமாகப் பெருங்குடலோடு பாடத்தை முடித்து விடுவோம். இம்முறை சொல்லைப் பலகையில் எழுதி, ஒருமுறை தெளிவாக வாசித்துவிட்டுத் தொடர்ந்தோம். சிரிப்பு அரை நிமிடத்தில் அடங்கியது. ஆசிரியர் வெட்கப்பட்டால்தான் அது நீளும்.

அடுத்தது பயணம். சாப்பாடாக எமது வீடுகளின் காலைச் சாப்பாட்டையே எடுத்தோம்: புட்டு, மீன் ஆணம், கொஞ்சம் கீரை. புட்டின் மாப்பொருளுக்கு வெள்ளைத் தாளில் வளையம் வளையமாகக் கோர்த்த நீண்ட சங்கிலி. மீனின் புரதத்துக்குச் சிவப்புச் சங்கிலி. ஆணத்தில் உள்ள தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கு ஒரு களிமண் உருண்டை. கீரையின் நாருக்கு ஒரு பிடி தும்பு. நான்கு பிள்ளைகள் இவற்றைக் காவினார்கள்.

வாயில் வெள்ளைக் கத்தரி மட்டும் வேலை செய்தது. உமிழ்நீரின் நொதியம் மாப்பொருளைத்தான் வெட்டும். அதுவும் சில வெட்டுகள்தான், ஏனெனில் சாப்பாடு வாயில் இருப்பது சொற்ப நேரம். இதைப் பிள்ளைகள் நம்புவதற்கு ஆளுக்கொரு துண்டுப் பாண் கொடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லச் சொன்னோம். மெல்ல மெல்ல இனிப்பு வந்தது. நோன்பு காலத்தில் இந்தப் பாடம் வந்தால் இந்த மெல்லும் பகுதியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டையில் இரு வழி உண்டு. ஒரு பிள்ளை மூச்சுக்குழாயின் வாயில் அட்டை மூடியோடு நின்றாள். விழுங்கும்போது மூட வேண்டும், பேசும்போது திறக்க வேண்டும். "விழுங்கிக்கொண்டே சிரித்தால்?" என்று கேட்டோம். பதிலை அவர்கள் புரையேறி இருமிக் காட்டினார்கள். களத்தில் இரு வரிசையாக நின்ற பிள்ளைகள் உணவுக்குப் பின்னால் நெருக்கித் தள்ளினார்கள். உணவு தானாக விழுவதில்லை, பின்பக்கம் சுருங்கித்தான் தள்ளப்படுகிறது.

நேரத்தையும் விளையாட்டுக்குள் கொண்டு வந்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடம். இரைப்பையில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அங்கே வெள்ளைக் கத்தரி நிறுத்தப்பட்டது. இரைப்பையின் அமிலத்தில் உமிழ்நீரின் நொதியம் வேலை செய்யாது. சிவப்புக் கத்தரி தொடங்கியது, ஆனால் மீன் சங்கிலி துண்டு துண்டாக மட்டுமே ஆனது. "இரைப்பையில்தான் எல்லாம் செமிக்கும்" என்று வந்த பிள்ளைகள் மூன்று நிமிடமும் நின்று பார்த்துவிட்டு, இன்னும் அரைவாசிக்கு மேல் மிச்சமிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

பெரிய வேலை சிறுகுடலில். வெளியே நின்ற ஈரலின் பித்தம் பித்தப்பையிலிருந்து மஞ்சள் நூல் வழியே வந்து, களிமண் உருண்டையைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிய்த்தது. பித்தத்திடம் கத்தரி இல்லை என்பதைக் கவனிக்கச் சொன்னோம். அது நொதியம் அல்ல. கொழுப்பைச் சிறு துளிகளாக்கிக் கொடுக்கும், வெட்டுவது சதையியின் நொதியம். சதையியிடம் மட்டும் மூன்று கத்தரியும் இருந்தன. அதன் சாறும் குடற்சுவரின் நொதியங்களும் சேர்ந்து சங்கிலிகளைத் தனித்தனி வளையமாக்கின. வெள்ளை வளையம் குளுக்கோசு, சிவப்பு வளையம் அமினோ அமிலம்.

குடற்சுவராக ஒரு மாணவன் தகப்பனிடம் வாங்கி வந்த பழைய மீன் வலையைப் பிடித்தோம். தனி வளையம் வலைக்கண்ணால் போனது. இரண்டு மூன்று சேர்ந்திருந்த துண்டு சிக்கி நின்றது. ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எமக்குத் தெரியாது. தும்புக்கு எந்தக் கத்தரியும் இல்லை. அது பெருங்குடலுக்குப் போனது. நீரில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே எடுபட்டுவிடும், மிச்சத்தைப் பெருங்குடல் எடுக்கும். பெருங்குடலில் இருபது நிமிடம் நிற்கப் பாடநேரம் போதவில்லை. அங்கேதான் உணவு அதிக நேரம் கிடக்கிறது என்பது அவர்களுக்கு அப்படியே விளங்கிவிட்டது.

இந்த நாடகத்திலும் பொய் உண்டு. அதை மறைக்கவில்லை. நொதியம் கத்தரி அல்ல, அதைப் பிடிக்க அங்கே கையும் இல்லை. அது ஒரு புரதம். குடற்சுவர் வெறும் வலையும் அல்ல, சடைமுளைகள் நிறைந்த உயிருள்ள இழையம். பாட முடிவில் "நாடகத்தில் எது உண்மையில்லை?" என்று கேட்டு, ஆளுக்கொன்று எழுத வைத்தோம்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "காலையில் சாப்பிட்ட புட்டு ஈரலுக்குள் போகுமா?" பழைய வகுப்பு ஆம் என்றிருக்கும். இம்முறை பெரும்பாலோர் இல்லை என்று எழுதினார்கள். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுதியது இது: "புட்டாகப் போகாது. வலையால் போன வளையம் இரத்தத்தில் போகும்." நாம் சொல்லிக்கொடுக்காததை அவன் தொட்டுவிட்டான். உறிஞ்சப்பட்ட குளுக்கோசும் அமினோ அமிலமும் குடலிலிருந்து இரத்தத்தோடு முதலில் போகும் இடம் ஈரல்தான். அடுத்த நாள் அவனையே கூப்பிட்டு, வலைக்கு வெளியிலிருந்து ஈரலுக்கு ஒரு சிவப்பு நூல் ஒட்ட வைத்தோம்.

அழைப்பெடுத்த அந்தத் தகப்பனுக்கும் இதைத்தான் சொன்னோம். பிள்ளை படுத்ததா, வெட்டியதா என்று பார்க்க வேண்டாம். அதே போல, முகநூலில் அழகான போட்டோவைப் பார்த்து நல்ல பாடம் என்று நாமும் முடிவு கட்ட வேண்டாம். இன்றிரவு சாப்பிட்ட பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்: "மகன், இந்தச் சோறு எந்த இடத்தில சோறாக இல்லாமப் போகும்?" ஒரே இடத்தைச் சொன்னால் பாடம் இன்னும் முடியவில்லை. வாயில் கொஞ்சம், சிறுகுடலில் மிச்சம் என்று சொன்னால், தரையில் படுத்தது வீணில்லை.

சக ஆசிரியர்களுக்கு: டிமைத் தாள், கயிறு, வலை எல்லாம் எம்மிடம் இருக்கின்றன. தேவையானவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் மட்டும் எண்ணித் திருப்பித் தாருங்கள்.