எத்தனை முறை ஜெயித்தாய் என்று நான் கேட்கமாட்டேன்



பங்குச் சந்தை பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒருவர் தன் டிரேடிங் முறை வெற்றி பெறுகிறது என்று சொன்னால், அதைச் சரிபார்க்க ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் தங்கை மகன் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.) "மாமா, இருபது டிரேடுல பதினாலு ஜெயிச்சிருக்கேன். எழுபது பர்சென்ட். கையில ஆறாயிரம் லாபம். அம்மாவோட டெபாசிட் சும்மாதான கிடக்கு, அதையும் இதுல போடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க" என்றான். அந்த டெபாசிட் என் தங்கையின் ஆயுள் சேமிப்பு. அதனால் ஆசீர்வாதம் செய்யாமல் நோட்டை வாங்கினேன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு, இன்னொன்றில் நூற்றுக்கு அறுபது என்றால் இரண்டையும் அப்படியே கூட்டி எழுபத்தெட்டு என்று சொல்லவிடமாட்டேன். மொத்தம் எவ்வளவுக்கு என்று தெரியாத மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. டிரேடில் வந்த ரூபாயும் அப்படித்தான். எவ்வளவைப் பணயம் வைத்து வந்தது என்று தெரியாமல் லாபத்துக்குப் பொருள் இல்லை.

அந்தப் பணயத்துக்கு அமெரிக்காவைச் சேர்ந்த வான் தார்ப் என்பவர் வைத்த பெயர் "ஆர்". 1998இல் வந்த அவருடைய புத்தகத்தின் மூலம் இது பரவலானது. விஷயம் எளிது. ஒரு பங்கை 500 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 490க்கு வந்தால் விற்றுவிடுவது என்று வாங்கும்போதே ஸ்டாப் லாஸ் வைக்கிறீர்கள். பங்குக்குப் பத்து ரூபாய் ரிஸ்க். 200 பங்கு என்றால் 2,000 ரூபாய். இந்த டிரேடுக்கு 1 ஆர் என்பது அந்த 2,000 ரூபாய். 525க்கு விற்றால் லாபம் 5,000, அதாவது பிளஸ் 2.5 ஆர். 490க்கு விற்றால் மைனஸ் 1 ஆர். லாபத்தையோ நஷ்டத்தையோ முதலில் எடுத்த ரிஸ்க்கால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

"முதலில்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பையனுடைய நோட்டில் ஒரு டிரேட் 8,000 ரூபாய் நஷ்டம். ஸ்டாப் 460 என்று எழுதி, மைனஸ் 1 ஆர் என்று போட்டிருந்தான். "500க்கு வாங்கினப்போ ஸ்டாப் எங்க வெச்ச?" என்று கேட்டேன். ஃபோனில் பழைய ஆர்டரைத் தேடிக் காட்டினான். 490. விலை 490ஐ நெருங்கியதும் 480க்கு மாற்றியிருக்கிறான், பிறகு 470, கடைசியில் 460. வகுக்க வேண்டியது 2,000ஆல். விடை மைனஸ் 4. இதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தில்லுமுல்லு. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. கடைசி ஸ்டாப்தான் கண் முன்னால் இருக்கிறது, அதை எழுதிவிடுகிறார்கள். அதனால் வாங்கிய நிமிடத்திலேயே ஸ்டாப்பைப் பேனாவால் எழுதிவிட வேண்டும். பிறகு ஸ்டாப்பை நகர்த்தலாம், வகுக்கும் எண்ணை நகர்த்தக்கூடாது.

திருத்திய பிறகு இருபதையும் வரிசைப்படுத்தினோம்.

பிளஸ் 1.5 ஆர் – 1 முறை
பிளஸ் 0.6 ஆர் – 4 முறை
பிளஸ் 0.4 ஆர் – 9 முறை
மைனஸ் 1 ஆர் – 3 முறை
மைனஸ் 1.5 ஆர் – 1 முறை
மைனஸ் 2 ஆர் – 1 முறை
மைனஸ் 4 ஆர் – 1 முறை

நீங்களும் கூட்டிப் பாருங்கள். வெற்றிகள் பதினான்கும் சேர்ந்து பிளஸ் 7.5. தோல்விகள் ஆறும் சேர்ந்து மைனஸ் 10.5. மொத்தம் மைனஸ் 3 ஆர். "அப்போ ஆறாயிரம் லாபம் எப்படி மாமா வந்துச்சு?" என்றான். நல்ல கேள்வி. பத்தொன்பது டிரேடில் ரிஸ்க் 2,000தான். அந்த பிளஸ் 1.5 வந்த ஒன்றில் மட்டும், நண்பன் சொன்னான் என்று கையில் இருந்த ஐந்து லட்சத்தையும் போட்டிருக்கிறான். அதில் ரிஸ்க் 10,000. அந்த ஒரு டிரேடின் 15,000 ரூபாய்தான் மற்றதன் நஷ்டம் 9,000ஐ மூடி, ஆறாயிரம் மிச்சம் காட்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த மைனஸ் 4 வந்திருந்தால் 40,000 போயிருக்கும். எதில் பெரிய தொகை போட்டான் என்பது அவன் முறையின் திறமை அல்ல, அதிர்ஷ்டம். ரூபாய்க் கணக்கு இரண்டையும் கலந்து காட்டுகிறது. ஆர் கணக்கு பிரித்துக் காட்டுகிறது.

இன்னும் செலவைக் கழிக்கவில்லை. டெலிவரியில் பங்கு வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவிகிதம். ஒரு லட்சத்துக்கு வாங்கி விற்றால் சுமார் 200 ரூபாய். அவனுடைய 1 ஆர் 2,000 என்பதால் அது 0.1 ஆர். ஜெயித்தாலும் தோற்றாலும் இது உண்டு. இருபது டிரேடுக்கு 2 ஆர். ஆக மொத்தம் மைனஸ் 5, சராசரி மைனஸ் 0.25 ஆர். 2,000 ரூபாய் ரிஸ்க் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். புரோக்கரேஜ் தனி. ஸ்டாப்பை நெருக்கமாக வைத்தால் நஷ்டம் குறையும் என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதே ஒரு லட்சத்துக்கு 500 ரூபாய்தான் ரிஸ்க் என்று வைத்தால், அதே 200 ரூபாய் வரி 0.4 ஆர் ஆகிவிடும்.

இங்கேதான் என் கருத்து. சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள், வரிசை முழுவதையும் பாருங்கள். இரண்டு வகுப்பின் சராசரி 55 என்று இருக்கலாம். ஒன்றில் எல்லோரும் ஐம்பத்தைந்தைச் சுற்றி, இன்னொன்றில் பாதிப் பேர் தொண்ணூறு, பாதிப் பேர் இருபது. இரண்டுக்கும் ஒரே பாடம் நடத்த முடியுமா?

பையனுடைய வரிசையில் நான் முதலில் பார்த்தது மைனஸ் 1க்குக் கீழே இருப்பவற்றை. 1 ஆர்தான் அதிகபட்ச நஷ்டம் என்று முடிவு செய்து இறங்கியவனுக்கு அதற்கு மேல் நஷ்டம் ஏன் வந்தது? மைனஸ் 4 அவன் கை செய்த தவறு, திருத்தலாம். மைனஸ் 2 காலாண்டு முடிவு வந்த மறுநாள். ஸ்டாப்புக்குக் கீழேயே விலை திறந்ததால் கிடைத்த விலைக்கு விற்பனை ஆனது. அதைத் தடுக்க முடியாது, முடிவு வரும் நாளுக்கு முன் வெளியேறலாம். மைனஸ் 1.5 வேகமாக விழுந்த நாள். அது இனியும் வரும். சரி, மூன்றையும் மைனஸ் 1 ஆக்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். செலவு கழித்தால் அப்போதும் மொத்தம் மைனஸ் 0.5தான். பத்து ரூபாயைப் பணயம் வைத்து, நாலு ரூபாய் வந்ததும் பயந்து விற்கிறான். எழுபது சதவிகித வெற்றி அங்கிருந்துதான் வருகிறது. சீக்கிரம் விற்றால் அடிக்கடி ஜெயிக்கலாம்.

பிறகு அவனுக்குக் காட்டுவதற்காக நேர் எதிரான ஒரு கற்பனை வரிசை எழுதினேன். இருபதில் பதின்மூன்று மைனஸ் 1, மூன்று பிளஸ் 1, இரண்டு பிளஸ் 2, ஒரு பிளஸ் 4, ஒரு பிளஸ் 10. வெற்றி 35 சதவிகிதம்தான், மொத்தமோ பிளஸ் 8. "இது சூப்பர் மாமா" என்றான். அந்தப் பத்தை விரலால் மறைத்தேன். மீதி பத்தொன்பதும் சேர்ந்து மைனஸ் 2.

இருபதையும் துண்டுச்சீட்டில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, எடுத்து, குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்கச் சொன்னேன். வான் தார்ப் தம் வகுப்புகளில் இதைக் கோலிக்குண்டு வைத்துச் செய்துவந்தார். இருபது முறை எடுத்தால் அந்தப் பத்து ஒருமுறைகூட வராமல் போக மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. நூறு முறை எடுத்தால் எங்காவது தொடர்ந்து எட்டு மைனஸ் வர பாதிக்கும் மேல் வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒரு சதவிகிதம் பணயம் வைத்தவன் அந்த எட்டில் எட்டு சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பான். பத்து சதவிகிதம் வைத்தவன் பாதிக்கும் மேல் இழப்பான், அந்த பிளஸ் 10 வரும்போது ஆடப் பணமோ மனமோ இருக்காது. வரிசை ஒன்றுதான், இருவர் கதியும் வேறு. எவ்வளவு பணம் போடலாம் என்பதை இந்தப் பரவலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், லாபத்தைப் பார்த்து அல்ல.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. இருபது டிரேட் எதையும் நிரூபிக்காது. இன்னொரு இருபதில் வேறு வரிசை வரலாம். ஒரே நாளில் ஐந்து வங்கிப் பங்குகள் வாங்கினால் அது ஐந்து சீட்டு இல்லை, கிட்டத்தட்ட ஒரே சீட்டு. எல்லாம் சேர்ந்தே விழும். ஸ்டாப் இல்லாமல் ஆப்ஷன் விற்பவர்களுக்கோ வகுக்க எண்ணே இல்லை. சின்னச் சின்ன பிளஸ்ஸாக மாதக்கணக்கில் வரும், வரிசை அழகாக இருக்கும். 2024 ஜூன் 3 வரை புட் ஆப்ஷன் விற்றவரின் நோட்டைப் பார்த்திருந்தால் நானும் பாராட்டியிருப்பேன். மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆறு சதவிகிதம் விழுந்தது. டம்ளரில் அந்தச் சீட்டும் இருந்தது, அதுவரை கையில் வரவில்லை, அவ்வளவுதான்.

தங்கையிடம் டெபாசிட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபோன் செய்தான். "மாமா, 1 ஆர் ஐந்நூறு ரூபான்னு வெச்சு நூறு டிரேட் பண்றேன். பங்கு கொஞ்சமா வாங்கறேன், ஸ்டாப் தூரத்தை மாத்தல. வாங்கும்போதே எழுதறேன்" என்றான். அவனாகவே சொன்னான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நூறு முடிந்ததும் நோட்டைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாராவது உங்கள் முறையைக் காட்ட விரும்பினால் வாருங்கள். எத்தனை ஜெயித்தீர்கள், எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்கமாட்டேன். முதல் ஸ்டாப் எழுதிய நோட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பேன். இருந்தால் காபியோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம்.