"மனிதப் பிழை" என்று எழுதினால் மதிப்பெண்ணா?



பதினொன்றாம் வகுப்புச் செய்முறை ஏடு ஒன்றைப் பார்த்தேன். தனி ஊசல் சோதனை. விடை g = 9.68. கீழே, "மனிதப் பிழை, பலமுறை அளந்து சராசரி எடுத்தால் சரியாகும்." அதற்குச் சிவப்பு மையில் 'சரி' வேறு! இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பையன் நூலை மட்டும் 100 செ.மீ. என அளந்திருக்கிறான். குண்டின் ஆரம் 1 செ.மீ.யைக் கூட்டவில்லை. 20 அலைவுக்கு 40.4 விநாடி. g = 4π²L/T² என்பதில் L குறைந்தால் g குறைந்துதான் வரும், கூடவே கூடாது. ஆரத்தைக் கூட்டினால் 9.77. இது முறையான பிழை. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவிட்டு நூறு தடவை மீன் நிறுத்தாலும் எடை சரியாகுமா?

கடிகாரத்தை அழுத்தும் விரல் வேறு கதை. ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும்: 40.2, 40.6, 40.4. g இருபக்கமும் சிதறும். இது ஒழுங்கற்ற பிழை. சராசரி இதற்கு மட்டுமே மருந்து.

கண்டுபிடிப்பது எப்படி? நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, L–T² வரைபடம் போடுங்கள். ஆரம் விடுபட்டிருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது. ஆனாலும் அதன் சாய்வு சரியான g-யையே தரும்.

வரைபடத்துக்கும் சிக்காத ஒன்று உண்டு. கடிகாரத்தை அழுத்தும்போதே 'ஒன்று' என எண்ணத் தொடங்கினால் 19 அலைவு 20 ஆகிவிடும். g சுமார் 11 சதவீதம் கூடும், கோடோ ஆதிப்புள்ளி வழியாகவே போகும். 'பூச்சியம்' என்றுதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, பிழை என்று எழுதினால் "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் மட்டும் மதிப்பெண் போடுங்கள்.