மூன்று ஆற்றல் அமைப்புகளும் கால்பந்தின் நடுவிடமும்

மேல்நிலை வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஓர் அட்டவணை உண்டு. முதல் பத்து விநாடி கிரியேட்டின் பாஸ்பேட் அமைப்பு, அதற்கு எடுத்துக்காட்டு 100 மீட்டர் ஓட்டம். அதன் பின் இரண்டு நிமிடம் வரை லாக்டிக் அமைப்பு, அதற்குக் கால்பந்து. அதற்கும் மேலே ஆக்சிஜன் அமைப்பு, அதற்கு நெடுந்தூர ஓட்டம். மனப்பாடம் செய்வதற்கு இது எளிது. திருத்துவதற்கு அதைவிட எளிது. ஆனால் மாணவர் மனத்தில் இது பதிக்கும் சித்திரம் தவறானது என்பதும், அத்தவறு முதன்மையாகக் கால்பந்தின் வழியாகவே நுழைகிறது என்பதும் என் கருத்து.

இதை எழுதத் தூண்டியது இடம்தான். பெருங்கடவிளை, பாறசாலை வட்டாரத்துப் பள்ளி மாணவர்களுக்குக் கால்பந்து புத்தகத்துச் செய்தி அன்று. தெற்கே கடலோரப் பொழியூர் சந்தோஷ் கோப்பைக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்த ஊர். எல்லையைத் தாண்டினால் தூத்தூர்க் கடற்கரையிலும் அதே ஆட்டம்தான். மாலைதோறும் தம் உடம்பால் அறிந்துகொள்வதை, மறுநாள் காலையில் தவறான கட்டத்துக்குள் எழுதும்படி நாம் இம்மாணவர்களைக் கேட்கிறோம்.

அட்டவணையின் அடிப்படைப் பிழை, மூன்று அமைப்புகளும் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதாகக் காட்டுவது. உண்மையில் தசை சுருங்கத் தொடங்கும் கணத்திலேயே மூன்றும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன; மாறுவது அவற்றின் பங்கு மட்டுமே. தசையில் ஆயத்தமாக உள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிக் கடும் உழைப்புக்கு மேல் தாங்காது. ஆனாலும் அது அடியோடு தீர்ந்துபோவதில்லை. கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டை விட்டுக்கொடுத்து ஏ.டி.பி.யை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. கிளைக்கோஜனைச் சிதைத்து லாக்டேட் வரை செல்லும் வழி, இதற்குச் சற்றே பின்தங்கினாலும், முதல் சில விநாடிகளிலேயே சேர்ந்துகொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா வழியான ஆக்சிஜன் அமைப்பு மெதுவாக உயர்ந்து நீண்ட நேரம் நிற்கிறது.

பெர்லினில் 2009இல் உசேன் போல்ட் 9.58 விநாடியில் ஓடிய பந்தயம் இதை நன்கு காட்டும். அவர் 60 முதல் 80 மீட்டர் வரையிலான பகுதியை 1.61 விநாடியிலும், கடைசி 20 மீட்டரை 1.66 விநாடியிலும் கடந்தார். உலகின் மிக வேகமான மனிதரும் இறுதியில் சிறிது தளர்ந்தே முடிக்கிறார். உச்ச வேகத்தில் கிரியேட்டின் பாஸ்பேட் முதல் ஐந்தாறு விநாடிகளிலேயே பெருமளவு இறங்கிவிடுகிறது என்பது இத்தளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று. ஆகவே “பத்து விநாடி” என்பது கதவு மூடும் நேரம் அன்று. பி. டி. உஷா 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 55.42 விநாடியில் முடித்த 400 மீட்டர் தடை ஓட்டத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது? லாக்டிக் என்றே மாணவர் எழுதுவர். ஆனால் அந்த அளவு நேரம் நீளும் முழுமுயற்சி ஓட்டத்தில் ஆக்சிஜன் வழியின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு. முழுமூச்சான ஒரே முயற்சியில் இரு தரப்பும் சமமாவது ஏறக்குறைய 75ஆம் விநாடியில் என்று மதிப்பிடப்படுகிறது. இரண்டு நிமிடத்தில் அன்று.

இனிக் கால்பந்து. தொண்ணூறு நிமிடத்தில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். முழுவேகப் பாய்ச்சல் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு முதல் நான்கு விநாடிக்கே வருகிறது. இதயத் துடிப்போ சராசரியாக உச்ச அளவின் 80 முதல் 90 விழுக்காட்டில் நிற்கிறது. மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் இது ஆக்சிஜன் ஆட்டம். கோலுக்கு முந்திய அந்த மூன்று விநாடியைக் கணக்கிட்டால் கிரியேட்டின் பாஸ்பேட் ஆட்டம். இரண்டு விடையும் சரி. இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணியைத்தான் வகுப்பில் நாம் விட்டுவிடுகிறோம்: செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டை மீட்டுத் தருவது ஆக்சிஜன் அமைப்பே. ஓடி முடித்த காலின் இரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி நிறுத்தினால் அம்மீட்பு நின்றுவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதைக் கரும்பலகையில் கணக்காகவே செய்யலாம். கிரியேட்டின் பாஸ்பேட்டின் முழு இருப்பை 100 என்று கொள்வோம். ஒரு பாய்ச்சலுக்கு 40 செலவாகட்டும். ஓய்வில் ஒவ்வொரு 30 விநாடிக்கும் குறையில் பாதி நிரம்பட்டும். இயல்பான மீட்பு வேகத்துக்கு இது நெருக்கமான அளவு. இடையே 30 விநாடியே ஓய்வு என்றால், முதல் பாய்ச்சலில் இருப்பு 60ஆகி, ஓய்வில் 80க்கு ஏறுகிறது. இரண்டாவதில் 40, பின் 70. மூன்றாவதில் 30, பின் 65. நான்காவது முடிவில் இருப்பு 25 மட்டுமே. அதே ஆட்டக்காரருக்கு 90 விநாடி ஓய்வு கிடைத்தால் குறை எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது: 60 என்பது 95ஆக நிரம்புகிறது, அடுத்த முறை 55 என்பது 94ஐத் தாண்டுகிறது, பிறகு ஏறத்தாழ அங்கேயே நிலைக்கிறது. உண்மையில் இருப்பு குறையும்போது பாய்ச்சலும் மெலிந்து, செலவும் குறையும். ஆகவே இது எளிமைப்படுத்திய கணக்கு. ஆயினும் இடைவெளி குறுகும்போது ஆட்டக்காரர் ஏன் பந்தை எட்ட முடியாமல் போகிறார் என்பதை இது விளக்கிவிடும்.

கணக்கைச் சோதிக்கக் களமும் அருகில்தான் இருக்கிறது. முப்பது மீட்டர் தூரத்தை ஆறு முறை, ஒருநாள் இருபது விநாடி ஓய்வுடனும், மற்றொரு நாள் இரண்டு நிமிட ஓய்வுடனும் ஓடச் செய்து நேரத்தைக் குறிக்கலாம். முதல் வரைபடத்தில் நேரம் முறைதோறும் கூடிக்கொண்டே போகும்; இரண்டாவது பெரிதும் சமமாகக் கிடக்கும். ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். முதல் ஓட்டத்தில் சக்தியை மிச்சம் பிடிக்கும் மாணவரின் வரைபடம் இருபது விநாடி ஓய்விலும் சமமாகவே தோன்றும். ஆகையால் தனியாக ஓடிய ஒற்றை முப்பது மீட்டரின் நேரத்தை முன்னரே எடுத்து வைத்து, முதல் ஓட்டம் அதற்கு ஒப்பாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாக்டேட்டைப் பற்றியும் ஒரு சொல். மறுநாள் வரும் தசைவலிக்கு அதுவே காரணம் என்பது இன்னும் விடைத்தாள்களில் வாழ்கிறது. கடும் ஓட்டத்தின் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. கழிவு என்று கற்பிப்பதை நிறுத்துவதே நல்லது.

நெடுந்தூர ஓட்டத்துக்குப் புவனேஸ்வரத்தில் 2017இல் நடந்த ஆசியத் தடகளப் போட்டி போதும். அங்கே 10,000 மீட்டரைப் புதுக்கோட்டையின் கோ. லட்சுமணன் 29 நிமிடம் 55.87 விநாடியில் வென்றார், கேரளத்தின் டி. கோபி மூன்று விநாடி பின்னே இரண்டாவதாக வந்தார். இதைப் பகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சற்றேறக்குறைய 18 விநாடி, அவ்வாறு நூறு முறை. மேல்நிலை மாணவர் பலர் ஒருமுறை நூறு மீட்டரை இதைவிட வேகமாக ஓடிவிடுவர். இரண்டாவது நூறு மீட்டரிலேயே வேறுபாடு புலப்படும். அந்த வேகத்தை அரைமணி நேரம் தாங்குவது ஆக்சிஜன் அமைப்பின் வேலை. ஆனால் கடைசிச் சுற்றில் எவரேனும் வேகத்தைக் கூட்டினால், அக்கூடுதல் மற்ற இரண்டிலிருந்தே வரவேண்டும்.

எனவே “கால்பந்து எந்த ஆற்றல் அமைப்பைச் சார்ந்தது?” என்ற ஒரு மதிப்பெண் வினாவைக் கைவிட்டு, இவ்வாறு கேட்கலாம் என்பது என் பரிந்துரை: ஒரு விங்கர் 86ஆம் நிமிடத்தில், முப்பது விநாடிக்குள் இரண்டாம் முறையாகப் பக்கக்கோட்டருகே பாய்கிறார், முதல் பாய்ச்சலைவிட இது மெதுவாக இருந்தது. மூன்று அமைப்புகளின் நிலையையும் கொண்டு காரணம் கூறுக. ஐந்து மதிப்பெண்.