மாலையில் பூட்டப்படும் கணினிகள்

படப்பை, மண்ணிவாக்கம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிளஸ் டூ மாணவன். பக்கத்து வீட்டு அண்ணனின் கணினியில் இரவு நேரத்தில் நிரல் எழுதிப் பழகுகிறான். சிறுகதைக்கு ஏற்ற கரு. கடைசிப் பக்கத்தில் அவன் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். வாசகருக்கும் மனம் நிறைந்துவிடும். நமக்கு நிறையவில்லை. அரசுப் பள்ளிகளில் கணினி ஆய்வகங்கள் இருக்க, அவன் ஏன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்று கதை கேட்பதே இல்லை.

நம் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்கள் பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார்கள். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இதைப் பாருங்கள்:

```
a = input()
b = input()
print(a + b)
```

தாளில் இது சரியான கூட்டல். 12, 5 கொடுத்து ஓட்டினால் 17 வராது, 125 வரும். `input()` எதை வாங்கினாலும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். `int(input())` என்று மாற்றினால்தான் அது எண். பிழை என்று கணினி எச்சரிக்கவும் செய்யாது. விடை தப்பு என்பதைக் கண்டு, காரணத்தைத் தேடி, திருத்தி மறுபடி ஓட்டுவதுதான் பயிற்சி. ஒரு பாடவேளையில் பலர் மாறி மாறி உட்காரும் கணினியில் அதற்கு நேரம் போதாது.

இரவல் கணினியிலும் அது எளிதல்ல. பைத்தானை நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்கலாம். அண்ணனுக்கு அவசர வேலை வந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. மாணவி என்றால் இரவு ஒன்பது மணிக்கு அயல்வீட்டுக்கு அனுப்ப எத்தனை வீடுகள் சம்மதிக்கும்? கதையின் நாயகன் எப்போதும் பையனாகவே இருப்பது தற்செயல் அல்ல.

மடிக்கணினி இருக்கிறதே என்பார்கள். 2011இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளி மாணவர்களும் பயன்பெற்றார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்ததோ கல்லூரி மாணவர்களுக்கு. பள்ளி மாணவர் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது புதுக் கணினி அல்ல, நேரம். தாம்பரம் சுற்றுவட்டார அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களை வாரத்தில் மூன்று நாளாவது இரவு ஏழு மணிவரை திறந்து வையுங்கள். வீடு திரும்பப் பேருந்து இருக்கும் நேரம் அது. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டக் கூடாது. கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. புறநகர் முழுக்கப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கணினி படிக்கும் மாணவ, மாணவியரை மதிப்பூதியம் கொடுத்து அமர்த்தலாம். மின்கட்டணத்தையும் காவலர் சம்பளத்தையும் பள்ளிக் கல்வித் துறை ஏற்க வேண்டும்.

அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள்.