ஆஃபர் வந்தாச்சு... சம்பளம் எப்படிப் பேசுவது?

கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட்டாக இருக்கும் பெண்ணுக்கு, பெங்களூரு ஹோட்டலின் ஹெச்.ஆர். போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "செலக்ட் ஆகிட்டீங்க. வருஷத்துக்கு 4,80,000 ரூபாய், ஓகேவா?"

உடனே "ஓகே" சொல்ல வேண்டாம். "ரொம்ப சந்தோஷம் மேடம். உங்ககிட்ட வேலை பார்க்க ஆசையா இருக்கு. மூணு வருஷ அனுபவம் இருக்கிறதால, 5,40,000 ஆக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும். மலைக்குளிரில் குரல் நடுங்கினால் பரவாயில்லை. பதில் வரும் முன்பே "முடியலைன்னா விடுங்க மேடம்" என்று தானாக இறங்கிவருவதுதான் கூடாது.

அந்தப் பதவிக்கான சம்பள வரம்பை ஹெச்.ஆர். தனியாக மீற முடியாது. அவர் கைவிரித்தால் கோபம் வேண்டாம். "புரியுது மேடம். வீட்டு அட்வான்ஸ், இடம் மாறுற செலவெல்லாம் இருக்கு. ஜாயினிங் போனஸா 60,000 பார்க்க முடியுமா?" எனக் கேட்கலாம். ஒருமுறைச் செலவு என்பதால், இதற்கு ஒப்புதல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால், இரண்டும் ஒன்றல்ல. சம்பளத்தில் ஏறும் 60,000 அடுத்த ஆண்டும் வரும். இன்க்ரிமென்ட்டும் அதன் மேல்தான். போனஸ் ஒரே தடவை, அதுவும் வருமான வரிக் கணக்கில் சேரும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் இருக்கும். முழுத்தொகையையுமா, மிச்ச மாதங்களுக்கு மட்டுமா? வரி பிடித்தது போகக் கைக்கு வந்ததைத் தந்தால் போதுமா? சிரித்த முகத்தோடே கேட்டுவிடலாம்.

இதெல்லாம் ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வரும்வரை, கொடைக்கானல் வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்.