எர்த் வயரைக் கழற்றுவது பழுது பார்ப்பதல்ல



கொழுந்து வாட்டும் மாடியில் ராத்திரி இரண்டு மணிக்கு நாலு ஃபேனும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது என்பார்கள். அந்த ராத்திரி வேலைக்கு இருந்தவரைக் கூப்பிடுவார்கள். "தரையைக் கழுவும்போது மோட்டருக்குத் தண்ணி அடிச்சியா?" என்று கேட்பார்கள். அவர் இல்லை என்று சொன்னாலும் அரைப்பேர் போய்விடும்.

ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இது மூன்று மாதத்தில் ஆறு தடவை நடந்தது. ஆறு தடவையும் பழி தொழிலாளி தலையில் விழுந்தது. கடைசியில் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வந்து ஒரு மணித்தியாலத்தில் "சரியாக்கி"விட்டுப் போனார். அதன்பின் ட்ரிப் சுவிட்ச் விழவே இல்லை, நிர்வாகத்துக்கும் மகிழ்ச்சி. இரண்டு கிழமை கழித்து, கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஃபேனின் இரும்புக் கூட்டைத் தொட்டதும் கை சுருக்கென்று இழுத்துக்கொண்டது. மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நாலு ஃபேனுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

இதைப் பழுது பார்த்தல் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். தன் வழியாகப் போகும் கரண்ட் முழுவதும் தன் வழியாகவே திரும்பி வருகிறதா என்று அது பார்க்கிறது. போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் வேறெங்கோ, நிலத்துக்கோ மனித உடம்புக்கோ போகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும் சுவிட்ச் 30இல் கட்டாயம் விழ வேண்டும். 15இல் விழக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் எந்த அளவிலும் விழலாம், அது சுவிட்சின் குற்றம் அல்ல. இந்த 15ஐ நினைவில் வையுங்கள், கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

முன்பு வாட்டு மாடி ஃபேன்கள் நேரடியாகக் கரண்டில் ஓடின. இப்போது மின்சாரச் செலவைக் குறைக்கவும் காற்றைக் கூட்டிக் குறைக்கவும் ட்ரைவ் என்ற வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டியை வைக்கிறார்கள். அது நல்ல கருவிதான், அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அது வந்த கரண்டை அப்படியே மோட்டருக்கு அனுப்புவதில்லை. செக்கனுக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மோட்டரின் சுருளும் அதன் இரும்பு உடலும் ஒன்றையொன்று தொடாவிட்டாலும், நடுவிலுள்ள மெல்லிய காப்பு ஒரு கெப்பாசிட்டர் போல வேலை செய்கிறது. கேபிளுக்கும் நிலத்துக்கும் நடுவிலும் அப்படித்தான். ஒவ்வொரு வெட்டின்போதும் கொஞ்சம் கரண்ட் அந்தக் காப்பைத் தாண்டி மோட்டர் உடலுக்கு வந்து, எர்த் வயர் வழியாகத் திரும்புகிறது. கேபிள் நீளமானால் கசிவும் கூடும். வெட்டும் வேகத்தைக் கூட்டினாலும் கூடும். இது போக, ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காகப் பெட்டிக்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதுவும் வேண்டுமென்றே கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

ஆகவே பழுதே இல்லாத புதிய ட்ரைவும் புதிய மோட்டரும்கூட எர்த்துக்குக் கரண்டைக் கசியவிடும். அதைச் சுமந்து திருப்பிக் கொண்டுபோவதுதான் எர்த் வயரின் வேலை.

நாம் சொன்ன தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். சங்கம் வற்புறுத்தியதால் எர்த் வயரைத் திரும்பப் பூட்டி, கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்தார்கள். ட்ரிப் சுவிட்சிலிருந்து வெளியே வரும் மூன்று பேஸ் வயரையும் நியூட்ரலையும், எர்த் வயரை மட்டும் விட்டுவிட்டு, ஒன்றாக மீட்டரின் வளையத்துக்குள் விட்டு ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். முதல் ஃபேனில் 5 மில்லி அம்பியர் காட்டியது. இரண்டாவதையும் ஓட்டியதும் 10, மூன்றாவதோடு 16, நாலாவதோடு 21. தரை காய்ந்து கிடந்தது. எங்கேயும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நாலு ஃபேனும் ஒரே 30 மில்லி அம்பியர் சுவிட்சின் கீழ் இருந்தன. 21 என்பது 15ஐத் தாண்டிவிட்ட எண். அதற்கு மேல், ட்ரைவ்களுக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தக் கணத்தில் கசிவு இன்னும் எகிறும். கரண்ட் போய் வந்து நாலும் ஒன்றாகத் தொடங்கிய ராத்திரிகளில்தான் சுவிட்ச் விழுந்திருக்கிறது. நாலாவது ஃபேனுக்கு ட்ரைவ் பூட்டிய மாதத்தில்தான் தொல்லையே தொடங்கியது என்பதும் விசாரித்தபோது தெரியவந்தது. தண்ணீர் அடித்ததாகச் சொல்லி வெட்டிய ஆறு அரைப்பேருக்கு யார் பதில் சொல்வது?

இனி எர்த் வயரைக் கழற்றியபோது என்ன நடந்தது என்று பார்ப்போம். கசிவு நின்றுபோகவில்லை, அது திரும்பிப்போகும் வழிதான் நின்றது. வித்தியாசம் குறைந்ததால் சுவிட்ச் அமைதியானது. ஆனால் மோட்டரின் உடலும் ஃபேன் கூடும் தொட்டியின் இரும்பும் கரண்டைத் தாங்கிக்கொண்டு, யாராவது தொடும்வரை காத்திருந்தன. ஈரத் தரையில் நின்று தொடுகிறவரின் உடம்புதான் அப்போது எர்த் வயர். 10 மில்லி அம்பியருக்கு மேல் போனால் பிடித்த கையை விடமுடியாமல் தசை இறுகத் தொடங்கலாம். அந்த அளவுக்கு நம் சுவிட்ச் விழவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து உண்மையான பழுது வரும் நாளில் இருக்கிறது. சுருள் எரிந்து இரும்பில் தொட்டால், எர்த் வயர் இருக்கும் மோட்டரில் பெரும் கரண்ட் எர்த்துக்குப் பாய்ந்து, ட்ரைவோ பிரேக்கரோ உடனே நிறுத்திவிடும். எர்த் வயர் இல்லாத மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடல் முழுக் கரண்டோடு நிற்கும். அப்போது ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. வீட்டுக்குப் பூட்டும் சாதாரண ஏசி வகைச் சுவிட்ச் 50 ஹேர்ட்ஸ் கரண்டை மட்டும் அறியும். மூன்று பேஸ் ட்ரைவுக்குப் பின்னால் வரும் பழுதுக் கரண்ட் வேறு மாதிரியானது. அதில் டிசி கலந்திருந்தால் அந்தச் சுவிட்சின் கண்ணே கட்டிப்போகும். பழுது இல்லாதபோது விழுந்து, பழுது வந்தபோது விழாத சுவிட்சை நம்பி நம்மை வேலை செய்யச் சொல்கிறார்கள்.

"கொழுந்து கெட்டால் நட்டம், ஃபேன் ஓடித்தானே ஆகவேண்டும்" என்று நிர்வாகம் சொல்லும். ஓட வேண்டும்தான். அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ட்ரைவுக்கும் தனிச் சுவிட்ச் கொடுத்தால், 5 மில்லி அம்பியர் கசிவு எந்தச் சுவிட்சையும் விழுத்தாது. ஒன்றில் உண்மையான பழுது வந்தாலும் ஒரு தொட்டி மட்டும் நிற்கும், நாலும் நிற்காது. அந்தச் சுவிட்ச் டிசி கலந்த கசிவையும் அறியும் பி வகையாக இருக்க வேண்டும். சுவரோடு பூட்டிய மோட்டருக்கு 300 மில்லி அம்பியர் சுவிட்சும் வைக்கலாம், ஆனால் எர்த் சரியாக இருந்தால் மட்டும். தொழிற்சாலை தானே நிலத்தில் எர்த் கோல் அடித்திருக்கும் இடத்தில், தொடும் இரும்பில் 50 வோல்ட்டுக்கு மேல் தங்கக்கூடாது என்ற கணக்கில், அந்த எர்த்தின் தடை 166 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதை மழைக்காலத்தில் அல்ல, வெயில் காலத்தில் அளக்க வேண்டும், காய்ந்த மண்ணில்தான் தடை கூடும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கும் பிளக் பொயின்ட்டுகளுக்கும் 30 மில்லி அம்பியர் சுவிட்ச் அப்படியே இருக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

எர்த் வயரைப் பற்றியும் ஒரு சொல். ட்ரைவ்களுக்கான ஐ.ஈ.சி. 61800-5-1 நியமத்தின்படி, கசிவு 3.5 மில்லி அம்பியரைத் தாண்டும் ட்ரைவுக்கு எர்த் வயர் செம்பில் குறைந்தது 10 சதுர மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அல்லது இரண்டாவது எர்த் வயர் ஒன்று போட வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் எர்த் வயர் அறுந்தவுடன் ட்ரைவுக்கு வரும் கரண்ட் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். ஒரு எர்த் வயர் அறுந்தாலும் தொழிலாளி தப்ப வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அர்த்தம். உலகம் இரண்டு வயர் கேட்கும் இடத்தில், இங்கே இருந்த ஒன்றையும் கழற்றினார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ட்ரிப்பும் பொய் ட்ரிப் அல்ல. மோட்டருக்குள் ஈரம் இறங்கியும் சுவிட்ச் விழும். இரண்டையும் பிரித்தறிய முடியும். கிளாம்ப் மீட்டரில் ஃபேனுக்கு ஃபேன் ஏறக்குறைய சமமாகக் கூடிக்கொண்டு போனால், அது ட்ரைவ்களின் இயல்பான கசிவு. ஒரே ஒரு ஃபேனில் மட்டும் எண் எகிறினால் அதில் பழுது உண்டு. அப்போது மோட்டரை ட்ரைவிலிருந்து கழற்றி, மோட்டரை மட்டும் 500 வோல்ட் மெகரில் சோதிக்க வேண்டும். கழற்றாமல் மெகர் அடித்தால் ட்ரைவ் எரிந்துவிடும். 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அந்த மோட்டரை ஓட்டக்கூடாது. இந்த வேலை தகுதியுள்ள எலக்ட்ரிசியனுடையது, நாம் மூடியைத் திறக்கத் தேவையில்லை. அளந்த எண்ணைக் கேட்கும் உரிமை மட்டும் நமக்கு இருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை சுவிட்ச் விழுந்து, பழியோடு உங்களைக் கூப்பிட்டால், தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபேன் ஒவ்வொன்றின் கசிவு எத்தனை மில்லி அம்பியர்? ஒரு சுவிட்சின் கீழ் எத்தனை ட்ரைவ் இருக்கிறது? மோட்டர் உடலிலிருந்து எர்த் வயர் போய்ச் சேரும் இடம் எது? பதில் எழுத்தில் வரும்வரை அரைப்பேர் வெட்ட இடம் கொடுக்காதீர்கள். எர்த் வயர் கழன்று கிடப்பதைக் கண்டால், அன்றைக்கே தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுதுங்கள். அது பூட்டப்படும்வரை அந்த இரும்பில் யாரும் கைவைக்க வேண்டாம்.